செம்பட்டையாகிப் போன சாயம்: ஆரஞ்சை அடக்கி இயல்பான பழுப்புக்குக் கொண்டுவருவது

கருப்பு முடிக்குப் பழுப்புச் சாயம் போட்டால் முதல் இரண்டு வாரம் அழகாகத்தான் இருக்கும். ஐந்தாறு வாரத்தில் வெயிலில் நிற்கும்போது யாராவது "என்ன, முடி செம்பட்டையா இருக்கு?" என்று கேட்பார்கள். சாயம் கெட்டுப்போய் ஆரஞ்சாக மாறிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. அந்த ஆரஞ்சு உங்கள் முடியிலேயே இருந்ததுதான்.

நம் முடியின் கருமைக்குக் கீழே சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாக நிறமி இருக்கிறது. சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் மேலே உள்ள கரும்பழுப்பு நிறமியை முதலில் உடைக்கிறது. செந்நிறமி அதைவிடப் பிடிவாதமானது, அப்படியே தங்கிவிடுகிறது. அதை மறைக்கத்தான் சாயத்தில் சாம்பல் தொனியும் பழுப்பும் சேர்க்கிறார்கள். கழுவக் கழுவ அந்தக் குளிர்ந்த தொனிதான் முதலில் போகிறது. மூடி விலகியதும் அடியில் இருந்தது தெரிகிறது, அவ்வளவுதான்.

இது புரிந்தால் ஒரு பெரிய தவறைத் தவிர்க்கலாம். ஆரஞ்சைப் போக்க மறுபடி வெளுப்பது, எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் உட்காருவது, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளிப்பது எல்லாம் மூடியை இன்னும் திறக்கும் வேலைகள். செம்பட்டை கூடத்தான் செய்யும். தேவைப்படுவது இழந்த தொனியைத் திரும்ப வைப்பது. சலூனில் இதை டோனிங் என்போம்.

கை வைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்

எண்ணெய் இல்லாத, நன்றாகக் காய்ந்த முடியை ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குளியலறை மஞ்சள் பல்பு எல்லா முடியையும் செம்பட்டையாகக் காட்டும். ஒரு கற்றையை வெள்ளைத் தாளின் மேல் விரித்து வைத்து வேர், நடு, நுனி மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்றும் ஒரே நிறமாக இருக்காது. ஒரே கலவையை மூன்றிலும் பூசுவதுதான் வீட்டு முயற்சிகள் சொதப்பும் இடம்.

சாயப் பெட்டியில் உள்ள எண்ணில் புள்ளிக்கு முன் இருப்பது கருமையின் அளவு. 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். நம்மில் பெரும்பாலோர் 2 அல்லது 3. முடியை 5 வரை வெளுத்தால் அடியில் செவ்வாரஞ்சு தெரியும், 6இல் ஆரஞ்சு, 7இல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, 8இல் மஞ்சள். இவற்றில் ஆரஞ்சை அடக்குவது நீலம், மஞ்சளை அடக்குவது ஊதா, சிவப்பை அடக்குவது பச்சை. புள்ளிக்குப் பின் வரும் எண் தொனியைச் சொல்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் 0 என்றால் இயல்பு, 1 என்றால் சாம்பல். ஆனால் எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. கடையில் நிற அட்டையைக் கேட்டு, அந்தச் சாம்பலின் அடித்தொனி நீலமா பச்சையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, மருதாணி. கடந்த இரண்டு மூன்று வருடங்களில் கடைப் பொடி ஏதாவது போட்டிருந்தால் நேராகச் சாயத்துக்குப் போகாதீர்கள். சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். டெவலப்பர் பட்டதும் அது சூடாகி முடியையே பொசுக்கிவிடலாம். சீப்பில் வந்த முடியையோ அடியில் வெட்டிய ஒரு சிறு கற்றையையோ கண்ணாடிக் கிண்ணத்தில் கலவையோடு அரை மணி நேரம் வையுங்கள். கிண்ணம் சூடானாலோ, நுரைத்து நாற்றம் வந்தாலோ, நிறம் விநோதமாக மாறினாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒவ்வாமைச் சோதனையும் செய்துவிடுங்கள். அமோனியா இல்லை என்று போட்டிருந்தால் ஒவ்வாமை வராது என்று அர்த்தமில்லை. ஒவ்வாமை தருவது பெரும்பாலும் சாயப் பொருள்தான்.

அறிகுறி: வேரில் கருப்பு, அதற்குக் கீழே முழுவதும் செம்பு நிறம்

அதிகம் வரும் புகார் இதுதான். ஒருவருக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண், தோளுக்குச் சற்றுக் கீழே வரை முடி. இயற்கை நிறம் 2. முன்பு வெளுத்துச் சாயம் போட்டது இப்போது மங்கி, வேரில் 3 செ.மீ. கருப்பு வளர்ந்திருந்தது. நடுப்பகுதி 7ஆம் நிலையில் நல்ல ஆரஞ்சு. நுனி 8க்கு அருகே மஞ்சளாக, தொட்டால் சொரசொரப்பாக இருந்தது. ஒரு துளி செம்பும் இல்லாத சாம்பல் பழுப்புப் படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினார்.

அந்தப் படத்தை நான் அப்படியே செய்து தரவில்லை. கருப்புப் புருவமும் மாநிறமும் உள்ள முகத்துக்கு மேலே வெப்பமே இல்லாத சாம்பல் முடி வைத்தால் விக் மாதிரி தெரியும், முகமும் சோர்ந்து காட்டும். இயற்கையான பழுப்பு முடியை வெயிலில் பாருங்கள், அதிலும் கொஞ்சம் செம்மை இருக்கும். ஆரஞ்சு கத்தாமல் இருந்தால் போதும். ஆகவே முழுச் சாம்பலைப் போடாமல் பாதி இயல்பு, பாதி சாம்பல் என்று வைத்துக்கொள்வேன்.

நிலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆரஞ்சை அதே நிலையில் அடக்குவதைவிட ஒரு நிலை கருமையாக்கி அடக்குவது எளிது, நிறமும் அதிக நாள் நிற்கும். 7இல் இருக்கும் ஆரஞ்சுக்கு 6 போட்டேன். வெளுத்த முடி சாயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால், ஆரம்பத்தில் பெட்டியில் உள்ளதைவிடக் கொஞ்சம் கருமையாகவே தெரியும். 5 மாதிரி தெரிய வேண்டும் என்று 5ஐ வாங்கினால் கிட்டத்தட்ட கருப்பில் போய் நிற்பீர்கள்.

கலவை மூன்று. நடுப்பகுதிக்கு 6.0 முப்பது கிராம், 6.1 முப்பது கிராம், டெவலப்பர் 120 மில்லி. நுனிக்கு 7.0 மட்டும் 20 கிராம், டெவலப்பர் 40 மில்லி. கருப்பும் ஆரஞ்சும் சேரும் கோட்டுக்கு 4.0 பதினைந்து கிராம், டெவலப்பர் 30 மில்லி. அமோனியா இல்லாத, நிரந்தரமாகத் தங்காமல் கழுவக் கழுவ மங்கும் டெமி வகைச் சாயம் என்பதால் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தேன். உங்கள் பெட்டியில் ஒன்றுக்கு ஒன்றரை என்று இருந்தால் அதன்படியே செய்யுங்கள். டெவலப்பர் 10 வால்யூம், அதாவது 3 சதவீதம் பெராக்சைடு. வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் 20 வால்யூம் வரும். அது வேரில் உள்ள புதுக் கருப்பைத் தொட்டால் அங்கேயும் செம்மையைத் திறந்துவிடும். சலூன் பொருட்கள் விற்கும் கடையில் 10 வால்யூம் தனியாகக் கிடைக்கும். அதே நிறுவனத்துடையதாக வாங்குவது நல்லது.

நுனிக்கு ஏன் சாம்பல் சேர்க்கவில்லை? நுனி ஆரஞ்சாக இல்லை, மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை. போதாக்குறைக்கு, சேதமான நுனி குளிர்ந்த தொனியை மற்ற இடத்தைவிட ஆவலாகக் குடிக்கும். வீட்டில் டோனர் போட்டவர்களின் நுனி சேற்று நிறமாக ஆவது இதனால்தான்.

முந்தின நாள் கிளாரிஃபையிங் என்று விற்கும், படிவை எடுத்துச் சுத்தப்படுத்தும் ஷாம்பூவால் அலசி, கண்டிஷனர் போடாமல் விடச் சொல்லியிருந்தேன். லேசான ஈரத்தில் நான்காகப் பிரித்தேன். முதலில் 4.0 கலவையை, கருப்பு முடியும் இடத்திலிருந்து ஆரஞ்சுக்குள் 2 செ.மீ. வரை வைத்தேன். நேர்கோடாக வைக்கக் கூடாது. ஒரு கற்றையில் கொஞ்சம் மேலே, அடுத்ததில் கொஞ்சம் கீழே என்று தூரிகையால் இழுத்துவிட வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு இயற்கையாகத் தெரிவதற்கு இந்த மங்கலான எல்லைதான் காரணம். இயற்கை முடி வேரில் கருமையாகவும் நுனியில் வெளிர்ந்தும்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு இருக்காது.

அப்புறம் நடுப்பகுதி. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் நுனி. கலவை பூசியதும் கருநீலமாக மாறிப் பயமுறுத்தும். அதை நம்பி நேரத்தைக் கணக்கிடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய கற்றையை ஈரத் துணியால் துடைத்து, அடியில் உள்ள நிறத்தைப் பாருங்கள். இவருக்கு நடுப்பகுதி 20 நிமிடத்தில் வந்துவிட்டது. ஆரஞ்சு போய், ஈரத்தில் பார்த்தால் கொஞ்சம் மந்தமான பழுப்பாகத் தெரிந்தது. அங்கேதான் நிறுத்த வேண்டும். ஈரத்திலேயே அழகாகத் தெரியும் வரை காத்திருந்தால் காய்ந்ததும் சாம்பல் பூத்திருக்கும்.

வெதுவெதுப்பான நீரில் தெளிவாகும் வரை அலசி, கண்டிஷனர் மட்டும் போட்டோம். முதல் நாள் அவருக்கே "கொஞ்சம் டார்க்கா இருக்கே" என்று தோன்றியது. இரண்டு மூன்று அலசலில் அரை நிலை இறங்கி, கேட்ட படத்தைவிட மென்மையான பழுப்பில் நின்றது. வெயிலில் லேசாகத் தேன் நிறம் தெரியும். அதை அப்படியே விடச் சொன்னேன்.

அறிகுறி: தலையோட்டை ஒட்டித் தீப்பிடித்த மாதிரி ஆரஞ்சு, கீழே மங்கலான பழுப்பு

வேரில் வளர்ந்த கருப்புக்கும் கீழே உள்ள பழைய சாயத்துக்கும் ஒரே பெட்டியைப் போட்டால் வருவது இது. தலையின் சூட்டில் வேர்ப்பகுதி வேகமாக வேலை செய்யும். அங்கே சாயம் படாத புது முடி வேறு, எளிதில் வெளுக்கும். கீழே இருப்பதோ பழைய சாயம். சாயம் சாயத்தை வெளுக்காது, மேலும் ஒரு படலம்தான் சேர்க்கும். அதனால் வேர் வெளிர்ந்து ஒளிரும், நீளம் கருத்துக்கொண்டே போகும்.

இங்கே வேரைத்தான் நீளத்துக்குப் பொருத்த வேண்டும். நீளம் 4 என்றால் 4.0, 4.1 சம அளவு, 10 வால்யூம், வேருக்கு மட்டும். 10 நிமிடத்திலேயே துடைத்துப் பார்க்கத் தொடங்குங்கள், சூடு இருப்பதால் சீக்கிரம் பிடிக்கும். சீப்பால் கீழே இழுக்கக் கூடாது. வேர் ஆரஞ்சைவிடச் சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தால், அதாவது 5ஆம் நிலையில் திறந்து நின்றிருந்தால், நீலச் சாம்பல் போட்டால் அழுக்குச் செங்கல் நிறம்தான் வரும். பச்சை அடித்தொனி உள்ள மேட் வகை வேண்டும். நிற அட்டையைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

அறிகுறி: பர்ப்பிள் ஷாம்பூ பாட்டில் தீர்ந்தும் ஒன்றும் மாறவில்லை

மாறாது. ஊதா மஞ்சளைத்தான் அடக்கும். அந்தப் பாட்டில்கள் பொன்னிற முடிக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. ஆரஞ்சுக்கு நீல ஷாம்பூ வேண்டும். அதுவும் நல்ல நிறம் மங்காமல் காக்கத்தான் உதவும், ஏற்கெனவே கடும் ஆரஞ்சான முடியைப் பழுப்பாக்காது. டோனிங் முடிந்த பிறகு வாரம் ஒருமுறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்து அலசினால் போதும். மஞ்சள் நுனி இருந்தால் நடுப்பகுதியோடு நிறுத்துங்கள்.

அறிகுறி: ஆரஞ்சு போய்ப் பச்சையாகவோ சாம்பல் பூத்தோ நிற்கிறது

சாம்பல் தொனி அதிகம் விழுந்துவிட்டது, அல்லது மஞ்சள் மேல் விழுந்துவிட்டது. பதறி மேலே இன்னொரு சாயம் போடாதீர்கள். சுத்தப்படுத்தும் ஷாம்பூவால் இரண்டு மூன்று முறை நுரைக்க அலசுங்கள். டெமி வகைச் சாயத்தில் அதிகப்படியாக ஒட்டியது கணிசமாக இறங்கும். ஒரு வாரம் பொறுத்த பிறகும் பச்சை தெரிந்தால், டெவலப்பர் தேவைப்படாத நேரடிச் சாயத்தில் செம்பு நிறத்தை ஒரு பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை நிறைய வெள்ளைக் கண்டிஷனரில் கலந்து, பச்சை இருக்கும் இடத்தில் மட்டும் மூன்று நான்கு நிமிடம் வைத்து அலசுங்கள். வெளியே தெரியாத ஒரு கற்றையில் முதலில் பாருங்கள், கைமீறினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

அறிகுறி: நரை மட்டும் ஆரஞ்சு, மற்றதெல்லாம் கருப்பு

இது மருதாணி. மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. மருதாணியின் நிறம் முடியின் புரதத்தோடு பிணைந்துவிடும், கழுவிப் போகாது. சாயம் நீக்கும் பொருள்களும் இதில் வேலை செய்யாது. கருப்பு முடியில் தெரியாது, வெள்ளை முடியில் மட்டும் பளீரென்று தெரியும்.

இதற்கு நீலத்தை அவுரியிலிருந்து எடுக்கலாம். திண்டிவனம் பக்கம் பயிராகும் அதே செடிதான். பொடியில் அவுரி இலை தவிர வேறு எதுவும் இல்லை என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பல பொடிகளில் ரசாயனச் சாயம் கலந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் தயிர் பதத்துக்குக் கரைத்து 15 நிமிடம் மட்டும் ஊறவிடுங்கள். மருதாணி மாதிரி இரவு முழுக்க ஊறவைத்தால் வீரியம் போய்விடும். எண்ணெய் போக அலசிய முடியில், ஆரஞ்சு நரை இருக்கும் இடங்களில் தடவுங்கள். 20, 30 நிமிடத்தில் எடுத்தால் பழுப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் கருப்புக்கு அருகே போகும். தண்ணீரில் மட்டும் அலசி, இரண்டு நாள் ஷாம்பூ போடாமல் இருங்கள். அன்று மாலை பச்சை சாயலடிக்கும். காற்றுப் பட்டு ஓரிரு நாளில்தான் அதன் உண்மையான நிறம் வரும்.

ஒரு எச்சரிக்கை. அவுரி போட்ட முடியைப் பிற்பாடு வெளுத்தால் பாசிப் பச்சையாக நிற்கும். வெளுக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

அறிகுறி: சரிசெய்து மூன்றே வாரத்தில் திரும்பவும் செம்பட்டை

சாயத்தைக் குறை சொல்லும் முன் குளியலறையைப் பாருங்கள். வாளியில் வெள்ளைப் படிவும், டைல்ஸில் செம்பழுப்புக் கறையும் இருந்தால் போர்வெல் நீரில் சுண்ணாம்போடு இரும்பும் இருக்கிறது. சாயம் இறங்கிய முடியில் அந்த இரும்பும் படிந்து செம்மையைக் கூட்டும். இதற்கு நீல ஷாம்பூ உதவாது. உலோகப் படிவை நீக்கும் கீலேட்டிங் ஷாம்பூ, பொருட்பட்டியலில் இடிடிஏ முன்வரிசையில் இருப்பது, வேண்டும். டோனிங்குக்கு முந்தின நாள் ஒருமுறை, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அடிக்கடி போட்டால் சாயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

குழாயில் மாட்டும் ஷவர் ஃபில்டர்கள் குளோரினைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நீரின் கடினத்தன்மையைக் குறைக்காது. அதற்குச் செலவழிப்பதைவிட, கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு சொம்பு ஊற்றுவது மேல். வெந்நீர் வேண்டாம். வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கும் பின்னலைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், வெயில் அதை மட்டும் தனியாக வெளுக்கும்.

இவ்வளவும் செய்தாலும் டெமி வகை டோனர் ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும், அதற்கு மேல் மறுபடி போடத்தான் வேண்டும். அடுத்த முறை வேர்க் கலவையும் 7.0வும் தேவைப்படாமல் போகலாம். நடுப்பகுதியை மட்டும் துடைத்துத் துடைத்துப் பார்த்து, 10 நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் கருப்புப் பெட்டிச் சாயம், மருதாணி, பழைய ஹைலைட் மூன்றும் ஒரே தலையில் பட்டை பட்டையாக இருந்தால் வீட்டில் தொடாதீர்கள். என்னென்ன, எப்போது போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கலரிஸ்ட்டிடம் போங்கள். மருதாணியை மட்டும் மறைக்காதீர்கள், அது தெரியாமல் கலவை போட்டால்தான் விபத்து.